மலை மேலே மருந்து கொண்டுபோகும் ட்ரோன்: பாதை, சுமை, பேட்டரிக் கையிருப்பு – முழுக் கணக்கு

சமவெளியில் ட்ரோன் பாதை போடுவதும் மலையில் போடுவதும் ஒரே வேலை இல்லை. சமவெளியில் பேட்டரி தீர்ந்துகொண்டு வந்தால் கீழே ஏதாவது ஒரு வயல் இருக்கும், இறக்கிவிடலாம். மலைச்சரிவில் கீழே மரம், பாறை, பள்ளம்தான். அதனால் மலைப் பாதையை முதலில் வரைந்துவிட்டு, "பேட்டரி தாங்குமா?" என்று பிறகு கேட்கக் கூடாது. கடைசியில் எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிப் பாதையையும் சுமையையும் கணக்கிட வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த முறையில்தான் போகிறது.

கணக்குக்கு ஓர் இடம் வேண்டும். கொல்லிமலை மாதிரியான ஒரு மலையை மனதில் வைத்துக்கொள்வோம். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் மேலே போக வேண்டும். அடிவாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மேலே இன்னொன்று. உயர வித்தியாசம் 900 மீட்டர், நேர்க்கோட்டில் 7.5 கிலோமீட்டர். கொண்டுபோக வேண்டியது பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து. தொடக்கத்தில் 8 முதல் 10 குப்பி ஏற்ற வேண்டும் என்பதால் 10 குப்பி வைத்துக்கொள்வோம். தூரமும் எடையும் நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை. உங்கள் இடத்துக்கு உங்கள் எண்களைப் போடுங்கள், வழிமுறை மாறாது.

எந்த வகை ட்ரோன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2023 பிப்ரவரியில் ரிஷிகேஷ் எய்ம்ஸிலிருந்து தெஹ்ரி கர்வாலுக்கு 2 கிலோ காசநோய் மருந்து போனது, வான்வழியில் சுமார் 40 கிலோமீட்டர், அரை மணி நேரம். அந்தத் தூரத்துக்கு இறக்கை உள்ள, செங்குத்தாக எழும்பும் கலப்பு வகைதான் சரி. பத்து கிலோமீட்டருக்குள், சின்ன இடத்தில் இறங்க வேண்டும் என்றால் நான்கு விசிறி ட்ரோன் போதும். நாம் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் தராசு

பெட்டியைத் தராசில் வைக்காமல் ஒரு வரி கணக்கும் எழுதாதீர்கள். மருந்தின் எடையை மட்டும் எழுதுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. ட்ரோனுக்குச் சுமை என்பது மருந்து, அதன் அட்டைப்பெட்டி, தெர்மோகோல், பனிக்கட்டிப் பொதி, வெப்பநிலை பதியும் கருவி, பெட்டியைப் பிடிக்கும் கொக்கி எல்லாம் சேர்ந்தது.

நம் உதாரணத்தில் குப்பிகளும் கரைக்கும் நீரும் 700 கிராம். காப்புப் பெட்டி 400 கிராம். கொக்கியும் வெப்பப் பதிவியும் 100 கிராம். பனிக்கட்டிப் பொதி இரண்டு, ஒன்று 400 கிராம் என்றால் 800. மொத்தம் சரியாக 2 கிலோ. அதாவது மருந்தைவிடக் குளிர்ச்சிக்கான எடைதான் அதிகம்! இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ட்ரோன் பேட்டரியோடு 12 கிலோ. சுமையோடு 14. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் வகை பிரிப்பதும் சுமை உட்பட்ட மொத்த எடையை வைத்துத்தான். 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை 'சிறிய' வகை. ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். பச்சை மண்டலத்திலும் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரைதான் முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். கண்ணுக்கு எட்டாத தூரம் பறக்க அனுமதி தனி. நம் பாதை முழுக்க அப்படிப்பட்டதுதான் என்பதால், அனுமதி கையில் வரும்வரை இதெல்லாம் தாளில் போடும் கணக்கு மட்டுமே.

பேட்டரியில் நிஜமாக எவ்வளவு இருக்கிறது

நம் பேட்டரி 44.4 வோல்ட், 22 ஆம்பியர்-மணி. பெருக்கினால் சுமார் 977 வாட்-மணி. இது ஸ்டிக்கரில் உள்ள கணக்கு. நூறு தடவைக்கு மேல் சார்ஜ் ஏற்றி இறக்கிய பேட்டரியை முழுக்க ஏற்றி, சார்ஜரின் கொள்ளளவுச் சோதனையில் போட்டுப் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். நம்முடையது 19.4 ஆம்பியர்-மணி காட்டியதாக வைப்போம். அப்படியென்றால் 860 வாட்-மணி.

அதில் அடியில் இருக்கும் 20 சதவீதத்தைத் தொடக் கூடாது. பேட்டரி பாதிக்கும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், அடியில் வந்த பிறகு விசிறி திடீரென்று கூடுதல் சக்தி கேட்டால் வோல்டேஜ் சரிந்துவிடும். இறங்கும் கடைசி நிமிடத்தில் காற்று தள்ளும்போதுதான் அந்தக் கூடுதல் சக்தி தேவைப்படும். ஆக, 860-ல் 172 போக மிச்சம் 688. கணக்குக்கு 690 என்று வைத்துக்கொள்வோம். இனி இந்த 690-ஐ மட்டும்தான் நம் கையில் உள்ள பணமாக நினைக்க வேண்டும்.

கையிருப்பை முதலில் எழுதுங்கள்

"30 சதவீதம் மிச்சம் வைப்போம்" என்று பலர் சொல்வார்கள். எதற்கு 30 என்று கேட்டால் பதில் வராது. கையிருப்பு என்பது ஒரு கேள்விக்கான பதிலாக இருக்க வேண்டும்: இறங்கும் இடத்துக்கு மேலே வந்து நிற்கும்போது அங்கே இறங்க முடியவில்லை என்றால் எங்கே போவீர்கள்?

மேலே நாம் இறங்கப்போவது சுகாதார நிலையத்தின் பின்புறத் திடல். மாடு கட்டியிருக்கலாம், பிள்ளைகள் ஓடி வரலாம், மேகம் வந்து மூடலாம். மாற்று இடம் 1.5 கிலோமீட்டர் தள்ளி உள்ள பள்ளி மைதானம். எதிர்க்காற்றில் அங்கே போக 3 நிமிடத்துக்குச் சற்று அதிகம், அதற்கு 76 வாட்-மணி. நின்று, பார்த்து, இறங்க 2 நிமிடம், 50 வாட்-மணி. மொத்தம் 126. இதுதான் கையிருப்பு. பள்ளி மைதானம் 3 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் கையிருப்பும் ஏறும். அதனால்தான் மாற்று இடம் தேடும் வேலையை நான் பாதை வரைவதற்கு முன்பே முடித்துவிடுவேன். நடந்து போய்ப் பார்க்க வேண்டும். மின்கம்பி போவது செயற்கைக்கோள் படத்தில் தெரியாது.

பாதையைத் தரையோடு ஒட்டிப் போடுவது

இப்போது வரைபடம். நேர்க்கோட்டில் 7.5 கிலோமீட்டர் என்றேன். ஆனால் அந்தக் கோடு மலையின் செங்குத்தான முகத்தில் மோதுகிறது. 900 மீட்டரையும் கடைசி 2.5 கிலோமீட்டரில் ஏற வேண்டியிருக்கும். எதிர்க்காற்றில் தரைவேகம் நொடிக்கு 8 மீட்டர் என்றால், ஏறும் வேகம் நொடிக்கு 2.9 மீட்டர் வேண்டும். ட்ரோனைத் தானாக ஓட்டும் ஆர்டுபைலட் மென்பொருளில் வழக்கமாக வைத்திருக்கும் ஏறும் வேக வரம்பு 2.5. ட்ரோன் முன்னேறும் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் ஏறும். முன்கூட்டியே உயரத்தைப் பிடித்துவிடலாம் என்றால் 120 மீட்டர் வரம்பு தடுக்கும்.

அதனால் பாதையை ஒரு கிளைமுகட்டின் தோளோடு சாய்த்துக் கொண்டுபோகிறோம். ஏற்றம் 4 கிலோமீட்டரில் பரவுகிறது, ஏறும் வேகம் நொடிக்கு 1.8 மீட்டர் போதும். மொத்தத் தூரம் 9 கிலோமீட்டர் ஆகிவிடும். தூரம் கூடினாலும் இதுதான் நல்ல பாதை. சரிவின் தோளில் போவதால் இன்னொரு லாபமும் உண்டு. காற்று மலைமுகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கும் இடத்தில் கீழ்நோக்கி அழுத்தும். அந்த நிழல் பகுதிக்குள் நுழைந்தால் ட்ரோன் உயரத்தைக் காப்பாற்றவே மின்சாரத்தைக் கொட்டும். திரையில் பார்த்தால் உயரம் மாறாது, ஆம்பியர் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். அப்படித் தெரிந்தால் அந்த இடத்தில் பாதையைக் காற்று வரும் பக்கத்துக்கு நகர்த்த வேண்டும்.

உயரத் தரவை எவ்வளவு நம்பலாம்? இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் தரவு 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரில் எடுத்தது, சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. கூரான முகடு இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுந்தால் அதன் உச்சி மழுங்கிவிடும். அதற்குப் பிறகு வளர்ந்த மரமும் நட்ட கோபுரமும் அதில் இல்லை. மிளகுக்கொடி ஏற்ற நட்ட சில்வர் ஓக் மரங்கள் மட்டுமே 25 மீட்டரைத் தொட்டு நிற்கும். அதனால் தரையிலிருந்து 60 மீட்டர் இடைவெளி வைக்கிறேன். முகட்டைக் கடக்கும் இடத்தில் மட்டும் 80. இடையில் பள்ளத்தாக்கு வந்தால், பாதையில் நாம் குறித்து வைக்கும் புள்ளிகளான வேபாயின்ட்டுகளில் இரண்டுக்கு நடுவே உயரம் 120-ஐத் தாண்டுகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். வேபாயின்ட்டில் சரியாக இருக்கும், நடுவே தாண்டிவிடும்.

வேபாயின்ட்டின் உயரத்தை எதிலிருந்து அளக்கிறது என்பதில்தான் பலர் விழுகிறார்கள். பாதை வரையும் மென்பொருளான மிஷன் பிளானரில் `Relative`, `Terrain`, `Absolute` என மூன்று உண்டு. `Relative` என்றால் புறப்பட்ட இடத்திலிருந்து, `Absolute` கடல்மட்டத்திலிருந்து, `Terrain` அடியில் உள்ள தரையிலிருந்து. நமக்கு `Terrain`. ஆனால் ட்ரோன் தாண்டக் கூடாது என்று நாம் போடும் கற்பனை வேலியின் உச்ச உயரம் `FENCE_ALT_MAX` புறப்பட்ட இடத்திலிருந்துதான் அளக்கும். நான் முதன்முதலாக ஒரு மலைச்சரிவில் சோதனைப் பறப்பு செய்தபோது இதை 120 என்றே விட்டிருந்தேன். ட்ரோன் சரிவில் ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. அடுத்த முறை மலையின் உயரத்தைச் சேர்த்து மாற்றினேன்.

போகும் கணக்கு

சமவெளியில் 2 கிலோ சுமையோடு நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் பறக்கவிட்டு அளந்தபோது 1400 வாட் எடுத்தது என்று வைப்போம். உங்கள் ட்ரோனுக்கு இதை நீங்களே அளக்க வேண்டும், விற்பவர் தாளில் இருப்பதை எடுக்காதீர்கள்.

பாதையில் சராசரி எதிர்க்காற்று நொடிக்கு 4 மீட்டர். தரைவேகம் 8. 9 கிலோமீட்டருக்கு 19 நிமிடம், 443 வாட்-மணி. அப்புறம் ஏற்றம். 14 கிலோவை, மலையின் 900 மீட்டரும் தரை இடைவெளி 60 மீட்டரும் சேர்த்து 960 மீட்டர் தூக்க, கணிதப்படி 37 வாட்-மணி. மோட்டாரும் விசிறியும் கொடுத்ததில் சுமார் 60 சதவீதம்தான் தூக்கும் வேலையாக மாறும் என்று வைத்தால் சுமார் 60. உயரே காற்று மெலிதாக இருப்பதால் விசிறி கூடுதலாக உழைக்கும், 15. புறப்பாடும் இறக்கமும் சேர்ந்து 2 நிமிடம், 50.

கூட்டினால் 568. கையில் 690. மிச்சம் 122. கையிருப்பு வேண்டியது 126.

நான்கு வாட்-மணிதானே என்று தோன்றும். ஆனால் இந்தக் கணக்கில் காற்று 4 மீட்டராகவே இருக்கும் என்று வைத்திருக்கிறோம். இந்தப் பாதை இந்தச் சுமையோடு போகாது. தாளில் அப்படியே எழுதுங்கள்.

இப்போது பனிக்கட்டிப் பொதிக்கு வருவோம். நம் மருந்து உறைய வைத்து உலர்த்திய பொடி வகை. லேபிளில் என்ன வெப்பநிலை போட்டிருக்கிறது என்று மருந்தாளுநரோடு உட்கார்ந்து படியுங்கள். காலையில் 20 நிமிடப் பயணத்துக்குக் காப்புப் பெட்டி மட்டுமே போதும் என்று அவர் எழுதிக் கொடுத்தால் 800 கிராம் இறங்கிவிடும். அவர் முடியாது என்றால் அத்தோடு சரி, பொதியைத் தொடக் கூடாது, வேறு எங்காவதுதான் குறைக்க வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய தடுப்பூசி என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

800 கிராம் என்பது 14 கிலோவில் 6 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் விசிறியின் மின்தேவை எடையோடு நேராக ஏறாது, எடையின் 1.5 அடுக்கில் ஏறும். இறங்கும்போதும் அப்படியே.

```
P2 = P1 × (m2 / m1)^1.5
1400 × (13.2 / 14)^1.5 ≈ 1282
```

1400 வாட் 1282 ஆகிறது, 8 சதவீதத்துக்கும் மேல். மறுபடி கூட்டினால் பாதைக்கு 406, ஏற்றத்துக்கு 56, மெல்லிய காற்றுக்கு 15, ஏறி இறங்க 46. மொத்தம் 523. மிச்சம் 167. எடை குறைந்ததால் கையிருப்பும் 116 ஆகிவிட்டது. இப்போது பாதை போகும்.

காற்று எவ்வளவு வரை தாங்கும்? அதே கணக்கை எதிர்க்காற்று 5 மீட்டருக்குப் போட்டால் 575 ஆகிறது, மிச்சம் 115. விளிம்பு. 6 மீட்டருக்கு 650, மிச்சம் 40. ஒரு மீட்டர் கூடினாலே இப்படி ஏறக் காரணம், தரைவேகம் குறையக் குறைய நேரம் நீள்கிறது. ஆகவே வரம்பு 4.5 என்று எழுதிவிடுங்கள். அளக்க வேண்டிய இடம் அடிவாரம் இல்லை, முகடு. மேலே உள்ள ஊழியர் கையில் ஒரு சின்னக் காற்றுமானி கொடுத்து, புறப்படுவதற்கு முன் போனில் கேட்க வேண்டும். முகட்டில் காற்று அடிவாரத்தைவிடப் பலமாகத்தான் இருக்கும். வெயில் ஏறினால் சரிவோடு மேல்நோக்கிக் காற்று கிளம்பும், கொந்தளிப்பும் கூடும். பனிமூட்டம் விலகியதும் காலை வேளையில் முடித்துவிடுவது நல்லது.

திரும்பி வருவது? காலிப் பெட்டியோடு, பின்காற்றில், இறக்கத்தில் வந்தாலும் சுமார் 200 வாட்-மணி வேண்டும். 523-ஐயும் 200-ஐயும் கூட்டினால் 690-ஐத் தாண்டிவிடும். ஆக மேலே இன்னொரு பேட்டரியும் சார்ஜரும், மாற்றத் தெரிந்த ஒருவரும் வேண்டும்.

திரும்பும் புள்ளி

பாதி வழியில் காற்று எதிர்பாராமல் கூடினால் திரும்புவதா, போவதா? இதைப் பறக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது. முன்பே புள்ளி வைத்துவிட வேண்டும்.

போகும்போது ஏற்றத்தோடு ஒரு கிலோமீட்டருக்கு 53 வாட்-மணி ஆகிறது. திரும்பினால் காற்று முதுகில், அதனால் 22 தான். புறப்பாட்டுக்கு 23, இறக்கத்துக்கு 23, அடிவாரத்தில் சமாளிக்க 50 என்று ஒதுக்கினால் 690-ல் 594 மிச்சம். அதை 53-ம் 22-ம் சேர்ந்த 75-ஆல் வகுத்தால் 7.9 கிலோமீட்டர். அதுவரை போய்த் திரும்பிவிடலாம். நான் 7.5-ல் வைக்கிறேன்.

அந்தப் புள்ளியில் என்ன மிச்சம் இருந்தால் முன்னே போகலாம்? மிச்சமுள்ள 1.5 கிலோமீட்டருக்கு 80, இறங்க 23, கையிருப்பு 116. மொத்தம் 219. அடியில் தொடக் கூடாத 172-ஐச் சேர்த்தால் 391 வாட்-மணி, திரையில் காட்டும் கணக்கில் 8.8 ஆம்பியர்-மணி. ஓட்டுபவரின் அட்டையில் ஒரே வரி: "7.5 கி.மீ.யில் 8.8-க்குக் கீழே என்றால் திரும்பு." காற்று சரியாக இருந்தால் அந்த இடத்தில் 10-ஐ ஒட்டிக் காட்டும், தயங்காமல் போகலாம்.

7.5-க்குப் பிறகு திரும்புவது கிடையாது. அங்கிருந்து மேலே திடல், இல்லையென்றால் பள்ளி மைதானம். இதைத் தானியங்கிக்கும் சொல்லிவைக்க வேண்டும். ஏனென்றால் பேட்டரி குறைந்தால் `RTL`, அதாவது புறப்பட்ட இடத்துக்குத் திரும்பு, என்று மட்டும் வைத்திருந்தால், அது முகட்டிலிருந்து புறப்பட்ட இடத்துக்கு நேர்க்கோடு போடும். நாம் கிளைமுகட்டைச் சுற்றி வளைத்துப் போட்ட பாதை அதற்குத் தெரியாது. நடுவில் அந்தக் கிளைமுகடே குறுக்கே நிற்கும். பள்ளி மைதானத்தையும் சரிவில் பார்த்து வைத்த வெட்டவெளி ஒன்றையும் ராலி புள்ளிகளாக, அதாவது `RTL`-க்கான மாற்று இறங்கும் இடங்களாக ஏற்றினால், தூரத்தில் இருக்கும் அடிவாரத்தை விட்டுப் பக்கத்தில் இருக்கும் புள்ளிக்குப் போகும். ஒவ்வொரு ராலி புள்ளிக்கும் பாதையின் எந்த இடத்திலிருந்து நேர்க்கோடு போட்டாலும் மலை குறுக்கே வரவில்லையா என்று வரைபடத்தில் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். இந்த வேலைக்கு அரை நாள் ஆகும், ஆகட்டும்.

```
BATT_CAPACITY    19400
BATT_LOW_MAH     6500
BATT_FS_LOW_ACT  2
```

இவை ஆர்டுபைலட்டில் போட வேண்டிய அமைப்புகள், முதல் இரண்டும் மில்லி-ஆம்பியர்-மணியில். கொள்ளளவு, ஸ்டிக்கரில் உள்ள 22000 அல்ல, அளந்த 19400. 6500 என்பது கையிருப்பு 116-ம் அடியில் உள்ள 172-ம் சேர்ந்தது. நல்ல காற்றில் மேலே சேரும்போது 7.6 ஆம்பியர்-மணி மிச்சம் இருக்கும், எச்சரிக்கை அடிக்காது. அடித்தால் கையிருப்பைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். 2 என்பது `RTL`.

மருந்து இல்லாமல் முதல் பறப்பு

முதல் தடவை மருந்து ஏற்றாதீர்கள். அதே எடைக்கு மணல் மூட்டை கட்டுங்கள், பெட்டியின் நடுவில். எடை ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்க மோட்டார்கள் அதிகம் உழைக்கும். பறப்புப் பதிவில் நான்கு மோட்டார்களின் வெளியீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். 3 கிலோமீட்டர், 6 கிலோமீட்டர், 7.5 எனப் படிப்படியாகப் போய்த் திரும்புங்கள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எடுத்த மின்சாரத்தை 53-ஓடு ஒப்பிடுங்கள். ஏறும் பகுதியில் கூடவும் தட்டையான பகுதியில் குறையவும் செய்யும், சராசரிதான் முக்கியம். போகப் போகத் திரையில் சிக்னல் அறுபடும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். முகட்டுக்குப் பின்னால் அடிவாரத்து ரேடியோ எட்டாது, மேலே இன்னொரு தரைநிலையம் வைத்துத்தான் கட்டுப்பாட்டைக் கைமாற்ற வேண்டியிருக்கும்.

மருந்தோடு பறக்க ஆரம்பித்த பிறகு ஒரு நோட்டு போதும். தேதி, முகட்டில் காற்று, பெட்டி எடை, 7.5-ல் காட்டிய எண், இறங்கும்போது மிச்சம். ஒரே காற்றில், ஒரே எடையில் இறங்கும்போது மிச்சம் 7.6-லிருந்து 7.2, 7.0 என்று வாரந்தோறும் நழுவினால் பேட்டரி கிழடாகிவிட்டது. அதன் கொள்ளளவை மறுபடி அளந்து, மேலே சொன்ன கூட்டலை முதலிலிருந்து போட்டுப் பாருங்கள். 690 என்ற எண் 640-க்குக் கீழே வந்துவிட்டால், 523-ம் 116-ம் அதற்குள் அடங்காது. அந்தப் பேட்டரியை மலைப் பாதையிலிருந்து எடுத்து, சமவெளிப் பயிற்சிக்கு வைத்துவிடுங்கள்.